இடுப்பு வலிக்கு இரண்டு வாரக் கணக்கு

மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலியோடு இருப்பவரிடம், "போன மாசம் வலி எப்படிம்மா இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டால், "எப்பவும் போலத்தான் டாக்டர், குறையவே இல்ல" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மாதத்தில் ஓரளவு நிம்மதியாகக் கழிந்த நாட்களும் இருந்திருக்கும், அவை நினைவில் தங்கவில்லை, அவ்வளவுதான். வலியைப் பற்றிய நம் நினைவு, உச்சத்தில் எப்படி இருந்தது, கடைசியாக எப்படி இருந்தது என்ற இரண்டையும்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. டொனால்ட் ரெடல்மையரும் டேனியல் கானமனும் 1996இல் குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொண்டவர்களை வைத்து இதைக் காட்டினார்கள். பரிசோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது பிற்பாடு அவர்கள் சொன்ன வலியின் அளவை அதிகம் மாற்றவில்லை. உச்ச வலியும் கடைசி நிமிடங்களின் வலியுமே மாற்றின.

அதனால்தான் வலியை எழுதி வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆர்தர் ஸ்டோனும் அவருடன் சேர்ந்தவர்களும் நாள்பட்ட வலியுள்ள 80 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு குழுவினரிடம் காகித நோட்டைக் கொடுத்து, குறித்த நேரங்களில் எழுதச் சொன்னார்கள். நோட்டின் அட்டைக்குள் வெளிச்சத்தை உணரும் கருவி இருந்தது. எப்போது திறந்தார்கள் என்பது அதில் பதிவானது. எழுதியிருந்த நேரங்களைப் பார்த்தால், பத்துக்கு ஒன்பது பதிவுகள் உரிய நேரத்தில் எழுதப்பட்டவை போலத் தெரிந்தன. கருவியின் பதிவுப்படி உண்மையில் நேரத்தோடு எழுதப்பட்டவை நூற்றுக்குப் பதினொன்று. நோட்டைத் திறக்கவே செய்யாத நாட்களுக்கும் எண்கள் நிரம்பியிருந்தன. மொத்தமாக உட்கார்ந்து நிரப்பிய நோட்டு பழையபடி நினைவைத்தான் காட்டும், வலியைக் காட்டாது.

ஆகவே நோட்டு எவ்வளவு விவரமாக இருக்கிறது என்பதைவிட, அந்தந்த நேரத்திலேயே எழுத முடிகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு தடவை எழுத அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் ஐந்தாம் நாள் விட்டுப்போகும். கடையில் தரும் மாதக் காலண்டரில் பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிறோமே, அந்தக் கட்டமே இதற்குப் போதும். பேனாவை அதிலேயே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கடையிலோ ஆபீஸிலோ பகலைக் கழிப்பவர் செல்போனில் தனக்குத் தானே ஒரு வரி அனுப்பி வைத்துக்கொள்ளலாம், நேரமும் தானாகவே பதிவாகிவிடும். ஒரு நேரம் விட்டுப்போனால் அந்த இடத்தை வெற்றாக விடுங்கள். யூகித்து நிரப்பிய எண்ணைவிட வெற்றிடம் நேர்மையானது.

வலி எண்ணை நாளுக்கு மூன்று வேளை எழுதலாம்: எழுந்து பல் துலக்கிய பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, படுக்கப் போகும்போது. அளவு 0 முதல் 10 வரை. இந்த எண்களுக்கு உங்கள் அன்றாடத்தில் ஓர் அர்த்தத்தை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், மனநிலை சரியில்லாத நாளின் 5 வேறாகவும் நல்ல நாளின் 5 வேறாகவும் ஆகிவிடும். உதாரணமாக, 3 என்றால் வேலையில் மூழ்கினால் மறந்துபோகும் வலி. 5 என்றால் மறக்க முடியவில்லை, ஆனாலும் வேலை நடக்கிறது. 7 என்றால் செய்த வேலையைப் பாதியில் விட்டுப் படுத்தேன். 10 என்பது உங்களால் நினைத்துப் பார்க்க முடிந்த மிக மோசமான வலி. இதைக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்து, அதன் பிறகு மாற்றாதீர்கள். வலி காலுக்கு இறங்கினால், அதிலும் முழங்காலுக்குக் கீழே போனால், "கால்" என்று ஒரு சொல் தனியாகச் சேருங்கள். நரம்பு வேர் அழுத்தப்படுகிறதா என்று டாக்டர் யோசிக்க அந்த ஒரு சொல் உதவும்.

அடுத்து, வலியைக் கிளப்பியது எது என்ற கேள்வி. பெரும்பாலான அச்சிட்ட படிவங்களில் "வலிக்குக் காரணம்" என்றே ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தி வேண்டாம் என்பது என் கருத்து. வலி வந்த பிறகு காரணம் எழுதச் சொன்னால், ஏற்கெனவே எதைச் சந்தேகிக்கிறோமோ அதையே எழுதுவோம். அதோடு, வலி வராத நாளில் அந்தப் பத்தி காலியாகவே இருக்கும். அதே வேலையைச் செய்தும் வலிக்காமல் போன நாட்கள் கணக்கிலேயே வராது. காரணத்தை எழுதாமல், அன்றைக்கு என்ன செய்தோம் என்பதை மட்டும் எழுதுங்கள். சந்தேகப்படும் இரண்டு மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்து, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் அவற்றைத் தினமும் குறியுங்கள்.

இதை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். தையல் கடை வைத்திருக்கும் 46 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துத் தூக்குவதுதான் இடுப்பைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்புகிறார். அவருடைய காலண்டர் கட்டம் இப்படி இருக்கும்: "செவ்வாய். காலை 3, மதியம் 4, இரவு 5. ரெண்டு குடம். மெஷினில் 11 முதல் 1.30 வரை எழாமல். மாத்திரை இல்லை." அடுத்த கட்டம்: "புதன். காலை 7. மாத்திரை 8 மணிக்கு, 10 மணிக்கு 5. மதியம் 6, இரவு 5. குடம் இல்லை. மெஷினில் அடிக்கடி எழுந்தேன்."

பதினான்கு நாள் முடிந்து பதினைந்தாம் நாள் காலை எண்ணையும் எழுதிய பிறகு, எண்ண ஆரம்பிக்கலாம். எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளின் வேலையை அன்றைய வலியோடு மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது, மறுநாள் காலை வலியோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடுப்பு வலியில் செய்த வேலைக்கான பதில் பல சமயம் ஓர் இரவு தள்ளித்தான் வருகிறது. அதே நாளை மட்டும் பார்த்தால், வலி வந்த காலையில் கையில் இருந்த குடத்தின் மேல் பழி விழும்.

இவர் குடம் தூக்கிய நாட்கள் 8. அவற்றில் மறுநாள் காலை வலி 6 அல்லது அதற்கு மேல் போனது 3 முறை. தூக்காத நாட்கள் 6, அவற்றில் அப்படிப் போனது 2 முறை. எட்டில் மூன்று, ஆறில் இரண்டு: பெரிய வித்தியாசம் இல்லை. இனி மெஷின். எழாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த நாட்கள் 5. அவற்றில் 4 முறை மறுநாள் காலை வலி ஏறியிருக்கிறது. மற்ற 9 நாட்களில் ஒரே முறை. குடத்தின் மேல் இருந்த சந்தேகம் இங்கே மெஷினுக்கு நகர்கிறது. அதோடு இன்னொன்றும் தெரிகிறது. அப்படி நீண்ட நேரம் உட்கார்ந்த ஐந்து நாட்களில் நான்கில் காலை எண் 3 அல்லது அதற்குக் கீழே. வலி குறைந்த நாளில், தேங்கிக் கிடந்த ரவிக்கைகளை எல்லாம் முடித்துவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் படுத்துவிடுகிறார். நாள்பட்ட வலியில் பிசியோதெரபிஸ்ட்கள் அடிக்கடி பார்க்கும் சுழற்சி இது. நல்ல நாளையும் சேர்த்து எழுதினால்தான் இது கண்ணில் படும்.

ஐந்தே முறை ஏறிய வலியை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு வாரம் குடத்தை வழக்கம்போலத் தூக்கட்டும். மெஷினில் மட்டும் 40 நிமிடத்துக்கு ஒரு முறை போனில் அலாரம் வைத்து எழுந்து கடைக்குள் நடக்கட்டும். ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். புது மெத்தை, புது எண்ணெய், யோகா எல்லாவற்றையும் அதே வாரத்தில் ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்பது கடைசிவரை தெரியாது.

மாத்திரைக் கணக்கில் நான்கு விஷயம் வேண்டும்: அட்டையில் உள்ள பெயரும் மில்லிகிராமும், போட்ட நேரம், போடும்போது வலி எண், இரண்டு மணி நேரம் கழித்து வலி எண். வயிற்றெரிச்சல், தூக்கக் கலக்கம், மலச்சிக்கல் இருந்தால் அதையும் ஒரு சொல்லில் குறிக்கலாம். இரண்டு புள்ளி அல்லது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால்தான் நோயாளிக்கே தெரியும்படியான மாற்றம் என்று வலி மருத்துவத்தில் பொதுவாகக் கொள்கிறார்கள். 7 என்பது 6 ஆனதை வைத்து மருந்தைப் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

இங்கேயும் ஒரு ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. நாம் மாத்திரை போடுவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருப்பது கொஞ்ச நேரத்தில் தானாகவும் இறங்கும். அதனால் மாத்திரை போடாத மோசமான காலையிலும் இரண்டு மணி நேரம் கழித்து எண்ணை எழுதுங்கள். நம் தையல்காரர் மாத்திரை போட்ட மூன்று மோசமான காலைகளில் 7, 7, 6 என்றிருந்தது 5, 4, 4 ஆனது. அட்டை தீர்ந்துபோய்ப் போடாத இரண்டு காலைகளில் 7, 6 என்றிருந்தது 5, 5 ஆனது. எழுந்து நடமாடியதிலேயே பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது போலும். ஐந்து காலையை வைத்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் டாக்டரிடம் கேட்க இது நல்ல கேள்வி. இரவில் தினமும் போடச் சொல்லும் டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை இந்த இரண்டு மணி நேர அளவுகோலால் அளக்கவே கூடாது. அவற்றுக்கு வாரச் சராசரியை வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

பெயரை அட்டையைப் பார்த்து எழுதச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. மெடிக்கலில் அட்டையை வெட்டிக் கொடுக்கும் "வலி மாத்திரை"யில் பல சமயம் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தது டைக்ளோஃபெனாக் என்றால், ஒரே வகை மருந்து இரட்டிப்பாக உள்ளே போகிறது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் இப்படித்தான் வருகின்றன. நோட்டில் இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தால் டாக்டரின் கண் உடனே அங்கே போகும்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ, காய்ச்சலோடு வலி இருந்தாலோ நோட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதைப் பழக்கமாக வருடக்கணக்கில் எழுதுவதும் நல்லதல்ல. திடீரென்று இடுப்புப் பிடித்துக்கொண்டவர்களை வைத்து ராபர்ட் ஃபெராரி என்ற கனடா மருத்துவர் செய்த ஆய்வில், வலி நாட்குறிப்பு எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட மெதுவாகவே குணமானார்கள். அது புதிதாக வந்த வலியைப் பற்றியது என்றாலும், எந்நேரமும் வலியை எண்ணிக்கொண்டிருந்தால் கவனம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பார்க்க, அடுத்த இரண்டு வாரம் ஒன்றை மாற்றிச் சோதிக்க, அதோடு நிறுத்திவிடுங்கள். டாக்டரிடம் காலண்டரை நீட்டுவதற்கு முன், மேலே மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: சராசரிக் காலை வலி எவ்வளவு, எதற்கு மறுநாள் ஏறுகிறது, மாத்திரைக்கு எவ்வளவு இறங்குகிறது. மறுபடி எழுத வேண்டிய தருணம், மருந்தையோ வேலையையோ மாற்றும்போதுதான். அப்போது மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது என்று கையில் எண் இருக்காது.