ஐந்து கிணறுகளின் நீர், இரண்டு அளவீட்டு முறைகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரின் ஃப்ளூரைடு பழைய துயரம். பற்களில் கறையும் எலும்பில் இறுக்கமும் வருமளவுக்கு அது சில ஊர்க் கிணறுகளில் கரைந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே 1.46 என்று வருகிறதா, 1.52 என்று வருகிறதா என்பதைப் பொறுத்து ஒரு கிணற்றின் கதியே மாறலாம்.

இதை அளக்க இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஸ்பாட்ன்ஸ் என்ற சிவப்புச் சாயக் கரைசலை நீரில் கலந்து, நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்று கருவியில் பார்ப்பது ஒன்று. ஃப்ளூரைடை மட்டும் உணரும் எலக்ட்ரோடை நீரில் அமிழ்த்தி மின்னழுத்தத்தைப் படிப்பது மற்றொன்று. சாய முறையில் பழகிய ஓர் ஆய்வகம் எலக்ட்ரோடுக்கு மாறுகிறது என்று கொள்வோம். பழைய எண்களும் புதிய எண்களும் ஒத்துப்போகின்றனவா?

ஐந்து கிணறுகளின் நீரை இரு முறையிலும் அளக்கிறார்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, லிட்டருக்கு மில்லிகிராமில்.

எலக்ட்ரோடு: 0.62, 1.10, 1.84, 2.50, 3.26
சாயம்: 0.68, 1.15, 1.93, 2.55, 3.31

சராசரி முறையே 1.86, 1.92. இடைவெளி 0.06. இது தற்செயலா, முறைகளுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடா? இதைத் தீர்மானிக்கத்தான் டி சோதனை. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டது அது. நான்கைந்து அளவீடுகளே கையில் இருக்கும்போது எவ்வளவு துணிந்து முடிவு சொல்லலாம் என்பதே அவருடைய கேள்வி. சராசரிகளின் இடைவெளியை, அந்த இடைவெளி தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவால் வகுத்தால் டி கிடைக்கும். அது அட்டவணையின் எல்லையைத் தாண்டினால் வேறுபாடு பொருளுள்ளது. வழக்கமான எல்லை, முறைகளுக்குள் வேறுபாடே இல்லாதபோது நூற்றில் ஐந்து தடவை மட்டுமே தாண்டக்கூடியது.

அவசரக்காரர் இரண்டு வரிசைகளையும் தனித்தனிக் கூட்டங்களாக எடுத்து ஒப்பிடுவார். அப்படிச் செய்தால் டி 0.09, அட்டவணை எல்லையோ 2.31. 'வேறுபாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிடுவார். அந்த முடிவு தவறு. முதல் கிணற்றில் 0.6, ஐந்தாவதில் 3.3 என்று நீருக்கு நீர் இருக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு கணக்கின் வகுக்கும் எண்ணுக்குள் புகுந்துவிட்டது. கிணறுகளின் வேறுபாட்டுக்குள் முறைகளின் வேறுபாடு மூழ்கிப்போயிற்று.

ஒவ்வொரு கிணற்று நீரும் இரு முறைக்கும் பொது. எனவே இணை இணையாகக் கழிக்க வேண்டும். சாயத்திலிருந்து எலக்ட்ரோடைக் கழித்தால் 0.06, 0.05, 0.09, 0.05, 0.05. இனிக் கிணறுகள் கணக்கில் இல்லை. இந்த ஐந்து வித்தியாசங்கள் மட்டுமே உள்ளன. அவற்றின் சராசரி 0.06, திட்ட விலக்கம் 0.0173. திட்ட விலக்கத்தை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.00775.

t = 0.06 / 0.00775 ≈ 7.7

ஐந்து இணைகளுக்கு ஒன்று குறைத்து அட்டவணையின் நான்காம் வரியைப் பார்த்தால் எல்லை 2.78. 7.7 அதை வெகுதூரம் தாண்டுகிறது. அதே பத்து எண்கள்தாம். ஒப்பிடும் விதம் மாறியதும் விடை தலைகீழானது.

சாய முறை கூட்டிக் காட்டுகிறதா, எலக்ட்ரோடு குறைத்துக் காட்டுகிறதா என்று டி சொல்லாது. அதற்கு, ஃப்ளூரைடு அளவு முன்பே தெரிந்த திட்டக் கரைசலை இரு முறையிலும் அளக்க வேண்டும். வேதியியல் காரணங்களையும் தேட வேண்டும். நீரில் குளோரின் மிச்சமிருந்தால் அதுவும் சாயத்தை வெளுக்கச் செய்யும். கருவி அதையும் ஃப்ளூரைடாகவே எண்ணும். பாஸ்பேட்டும் அளவைக் கூட்டிக் காட்டும். அலுமினியம் இதற்கு நேரெதிராகக் குறைக்கும்.

இணைச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. வித்தியாசம் எல்லா அளவிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் அதன் சராசரிக்குப் பொருள் உண்டு. ஃப்ளூரைடு கூடக்கூட வித்தியாசமும் விரிந்துகொண்டே போனால் 0.06 என்ற ஒற்றை எண் ஏமாற்றும். ஆகவே சோதனைக்கு முன்பே வித்தியாசங்களைக் கிணற்று அளவுக்கு எதிரே வரைபடமாகப் போட்டுப் பார்ப்பேன். நம் எண்களில் அவை விரியவில்லை. மூன்றாம் கிணற்றின் 0.09 மட்டும் சற்று விலகி நிற்கிறது. அந்தக் கிணற்று நீரை இரு முறையிலும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

டி சிறியதாக வந்தாலும் முறைகள் சமம் என்று அதனால் நிரூபணமாகிவிடாது. மூன்று கிணறுகளோடு நிறுத்தியவருக்கு உண்மையான வேறுபாடுகூடக் கண்ணில் படாமல் போகலாம். பொருளுள்ள வேறுபாடு எல்லாம் கவலைக்குரியதும் அல்ல. 3.3 மில்லிகிராம் கிணற்று நீர் 0.06 குறைந்தாலும் குடிக்கத் தகாததுதான். 1.5ஐ ஒட்டி நிற்கும் கிணறுகளுக்குத்தான் இந்த 0.06 முக்கியம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தவற்றை ஒரே வரிசையில் சேர்க்கும் ஆய்வகம், எந்த எண் எந்த முறையில் வந்தது என்பதைப் பதிவேட்டில் குறிக்காவிட்டால், ஃப்ளூரைடு குறைந்துவருவதாக ஊருக்கு அறிவித்துவிடக்கூடும்.