நான்காம் பைட்டு

கல்வெட்டுச் செய்திகளைத் தொகுக்கும் ஓர் இணையத்தளத்தை எடுத்துக்கொள்வோம். கோயிலின் பெயர், ஊர், மன்னனின் ஆட்சியாண்டு, கல்வெட்டின் வாசகம் ஆகியவற்றைப் பதியப் பல படிவங்கள் அதில் உள்ளன. எல்லாம் தமிழிலேயே நிரப்பப்படுகின்றன. எல்லாம் செம்மையாகச் சேமிக்கப்படுகின்றன. கொடையாக அளிக்கப்பட்ட நிலத்தின் அளவைப் பதியும் படிவம் ஒன்று மட்டும் பொத்தானை அழுத்தியதும் 500 என்னும் எண்ணையும் வழங்கியின் உட்பிழை என்னும் அறிவிப்பையும் காட்டி நின்றுவிடுகிறது. அதே வழங்கி, அதே நிரல்மொழி, அதே தரவுத்தளம். பழுதோ ஒரே இடத்தில்.

500 என்னும் எண் காரணத்தைச் சொல்வதில்லை. வேண்டுகோள் வழங்கியை வந்தடைந்தது, அதை நிறைவேற்றும்போது நிரல் இடையில் முறிந்தது என்ற அளவே அதன் பொருள். முறிந்த இடத்தைப் பார்வையாளருக்குக் காட்டாதிருப்பது பாதுகாப்பின் பொருட்டுச் செய்யப்பட்ட நல்லேற்பாடு. காரணம் வழங்கிக்குள் இருக்கும் பதிவேடுகளில் எழுதப்பட்டிருக்கும்.

பதிவேடுகள் இருவகை. வந்துபோன வேண்டுகோள்களைக் குறிப்பது அணுகல் பதிவேடு. முறிவுகளைக் குறிப்பது பிழைப் பதிவேடு. அப்பாச்சி வழங்கியில் முதலாவதில் இவ்வாறு ஒரு வரி கிடைக்கிறது:

```
[14/Mar/2023:05:12:07 +0000] "POST /nilam/semi HTTP/1.1" 500
```

படிவத்தில் என்ன எழுதப்பட்டது என்பது இவ்வரியில் இல்லை. அணுகல் பதிவேடு இயல்பாக அதைக் குறிப்பதில்லை. இதில் நமக்குப் பயன்படுவது நேரம் ஒன்றே. ஆனால் அந்த நேரம்தான் அடுத்த பதிவேட்டைத் திறக்கும் திறவுகோல். படிவத்தை நிரப்பியவர் காலை 10.42க்குப் பிழை வந்ததாகச் சொல்வார்; பதிவேடோ 05:12 என்கிறது. வழங்கியின் கடிகாரம் உலகப் பொதுநேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அணுகல் பதிவேட்டில் +0000 என்னும் குறிப்பு இதை உணர்த்திவிடும். பிழைப் பதிவேட்டில் அத்தகைய குறிப்பு இருப்பதில்லை. 10.42ஐத் தேடி ஒன்றும் காணாமல் ‘பதிவேட்டில் எதுவும் இல்லை’ என்று முடிவுகட்டுவது இத்துறையில் அடிக்கடி நேரும் வழுவாகும்.

சரியான நேரத்தைக் கொண்டு பிழைப் பதிவேட்டை நாடினால், நீண்ட வரி ஒன்று எதிர்ப்படும். அதன் உயிர்ப்பகுதி இது:

```
PHP Fatal error:  Uncaught PDOException: SQLSTATE[HY000]:
General error: 1366 Incorrect string value:
'\xF0\x91\xBF\x80' for column 'alavu' at row 1
```

இதற்குப் பின்னே எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்னும் வரிசை நீளும். பலர் அவ்வரிசையில் மூழ்கிவிடுகின்றனர். முதலில் படிக்க வேண்டியது பிழையின் வாசகமே. அது மூன்று செய்திகளைச் சொல்கிறது: மறுத்தது தரவுத்தளம், மறுக்கப்பட்ட இடம் alavu என்னும் நெடுவரிசை, மறுக்கப்பட்ட பொருள் நான்கு பைட்டுகள். ஆகவே படிவத்தின் வடிவமைப்பையோ உலாவியையோ ஐயுற இனி இடமில்லை.

அந்த நான்கு பைட்டுகள் யாவை? ஒருங்குறி எழுத்துகளைச் சேமிக்கும் UTF-8 முறையில், முதற்பைட்டே மொத்த நீளத்தை அறிவித்துவிடும். E என்னும் பதினறும இலக்கத்தில் தொடங்கினால் மூன்று பைட்டு. F0 எனத் தொடங்கினால் நான்கு. ‘அ’ என்னும் எழுத்து E0 AE 85 என மூன்று பைட்டுகளில் அமைகிறது. நாம் அன்றாடம் எழுதும் தமிழின் ஒருங்குறிக் குறி ஒவ்வொன்றும், ௧, ௨ முதலிய தமிழ் எண்களும் அவ்வாறே. F0 91 BF 80 என்பதைப் பிரித்துக் கணக்கிட்டால் U+11FC0 கிடைக்கிறது. அது முந்திரியின் குறி. ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் பழந்தமிழ்ப் பின்னம்.

மா, காணி, முந்திரி போன்ற பின்னங்களுக்கான குறிகள் 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பில் தமிழ்க் கூடுதல் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. பழைய தமிழ்த் தொகுதிக்கு ஒதுக்கப்பட்டது 128 இடங்கள் மட்டுமே. ஆதலால் புதியவை முதல் தளத்துக்கு அப்பால் குடியமர்ந்தன. அங்கிருக்கும் ஒவ்வொரு குறிக்கும் நான்கு பைட்டு வேண்டும்.

மையெஸ்கியூயெல் தரவுத்தளத்தில் utf8 எனப் பெயரிட்டு நெடுங்காலம் வழங்கிவந்த எழுத்துத்தொகுதி, ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் கொள்வதில்லை. மூன்று படி பிடிக்கும் கலம் அது. நான்காம் படிக்கு இடமில்லை. முழுமையான தொகுதி utf8mb4 என்னும் வேறொரு பெயரில் 2010இல் வந்தது. அதுவே இயல்புத் தொகுதியானது 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான். அதற்கு முன் utf8இல் அமைத்த அட்டவணைகள், மேம்படுத்திய பின்னும், பழைய தொகுதியிலேயே நிலைத்திருக்கின்றன.

நம் கண்ணை மறைப்பதும் இதுவே. மற்றப் படிவங்களில் தமிழ் பிழையின்றி ஏறுவதால், எழுத்துத்தொகுதியில் குறையில்லை என்று எவரும் எண்ணுவர். தமிழ் ஏறியதற்குக் காரணம் அது மூன்று பைட்டுக்குள் அடங்கியது என்பது மட்டுமே. நில அளவுப் படிவத்திலும் ‘ஐந்து வேலி’ என்று எழுதினால் ஏறும். ‘௫’ என்றாலும் ஏறும். முந்திரிக் குறியை இட்டால் முறியும். இம்மூன்றையும் அடுத்தடுத்து இட்டுப் பார்ப்பதே நோயறிதலுக்கு உறுதி சேர்க்கும் சோதனை.

பின்னர் நெடுவரிசையின் நிலையை நேரிற் காணலாம்:

```
SHOW FULL COLUMNS FROM nilam;
```

அங்கே utf8_general_ci அல்லது utf8mb3_general_ci எனத் தென்பட்டால் காரணம் உறுதியாயிற்று. மாற்றும் கட்டளை குறுகியது:

```
ALTER TABLE nilam CONVERT TO CHARACTER SET utf8mb4
COLLATE utf8mb4_unicode_ci;
```

கட்டளை குறுகியதாயினும் செயல் பெரிது. அட்டவணை முழுவதும் மீண்டும் எழுதப்படும். அவ்வேளையில் புதிய பதிவுகள் காத்து நிற்கும். எனவே படியெடுத்து வைத்த பின்னரே, ஆள்நடமாட்டம் குறைந்த நேரத்தில் செய்ய வேண்டும். பழைய வரிசை வடிவங்களில் சுட்டில் இடம்பெறும் நெடுவரிசை ஒன்றுக்கு 767 பைட்டே எல்லை. 255 எழுத்துக்கு மும்மூன்று பைட்டு 765 ஆகி அடங்கியது. நந்நான்கு 1020 ஆகி மீறும். அப்போது கட்டளையே மறுக்கப்படும். DYNAMIC வரிசை வடிவத்தில் எல்லை 3072 ஆதலால் இத்தொல்லை இல்லை. நிரல் தரவுத்தளத்தோடு இணையும் வரியிலும் charset=utf8mb4 என்று குறித்தல் வேண்டும்; அதை மறந்தால் அட்டவணை திருந்தியும் வழி திருந்தாது.

500 வந்ததே நம் நல்வினை என்று நான் கருதுகிறேன். 2015இல் வெளிவந்த 5.7 பதிப்பு முதல் கண்டிப்பு முறை இயல்பாக இயங்குவதால்தான் தரவுத்தளம் மறுத்துக் குரல் கொடுத்தது. அம்முறை அணைக்கப்பட்ட வழங்கியில் படிவம் வெற்றி என்றே அறிவிக்கும்; உள்ளேயோ முந்திரிக் குறி கேள்விக்குறியாகத் திரியும், அல்லது அக்குறி தொடங்கி எஞ்சிய வாசகம் முழுதும் அறுபடும். பிழையும் இராது, பதிவேட்டில் வரியும் இராது. ஒரு கொடையின் அளவு மட்டும் மாறிப்போயிருக்கும். பிழைச்செய்தியிலிருந்து தப்பக் கண்டிப்பு முறையை அணைக்கச் சொல்லும் அறிவுரை இதனாலேயே ஏற்கத்தக்கதன்று.

அட்டவணையைத் திருத்தியதோடு பணி முடிவதில்லை. கண்டிப்பு முறை அணைந்திருந்த காலம் ஏதேனும் இருப்பின், அக்காலத்துப் பதிவுகளில் கேள்விக்குறி உள்ளவற்றையும் பாதியில் நின்றவற்றையும் தேடியெடுத்துக் கல்வெட்டுப் படிகளோடு ஒப்பிடுங்கள். இழந்த பின்னத்தைத் தரவுத்தளத்திலிருந்து மீட்க இயலாது. மூலத்திலிருந்தே மீண்டும் எழுத வேண்டும்.