குழம்பு கொதிக்கும், பச்சடி கொதிக்காது

கேம்பைலோபேக்டர் ஒரு சுருள் வடிவ பாக்டீரியா. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41, 42 டிகிரி செல்சியஸ். இந்தக் கிருமி செழித்துப் பெருகுவதும் அந்தச் சூட்டில்தான். கோழியின் குடலில் இது குடியிருந்தாலும் கோழி பெரும்பாலும் நோயாளியாகத் தெரியாது. அறுத்துச் சுத்தம் செய்யும்போது குடலில் உள்ளது தோலிலும் இறைச்சியிலும் ஒட்டிக்கொள்கிறது. நாற்றமோ நிறமாற்றமோ இருப்பதில்லை. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014-15இல் கடைகளில் விற்ற கோழிகளைச் சோதித்தபோது, 73 விழுக்காட்டில் இது இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு கோழியில் கிராமுக்கு 1000க்கும் மேல் இருந்தது.

எத்தனை கிருமிகள் போனால் நோய் வரும்? பிரிட்டனில் ராபின்சன் என்ற ஆய்வாளர் 500 கிருமிகளைப் பாலில் கலந்து தாமே குடித்துப் பார்த்தார். சில நாட்களில் அவருக்கு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அவருடைய குறிப்பு 1981இல் வெளியானது. கிராமுக்கு 1000 கிருமிகள் உள்ள கோழியில், அரை கிராம் அளவே அந்த 500 வந்துவிடும்.

இந்தக் கணக்குதான் மற்றப் பல கிருமிகளிலிருந்து இதை வேறுபடுத்துகிறது. வெளியே வைத்த சோறு கெடுவது கிருமி பெருகுவதால்; அதற்கு நேரம் வேண்டும். கேம்பைலோபேக்டரோ 30 டிகிரிக்குக் கீழே வளராது, சாதாரணக் காற்றின் ஆக்சிஜனும் அதற்கு ஒவ்வாது. ஆனால் நோய் தர அது சமையலறையில் பெருகவே தேவையில்லை. கோழியிலிருந்து வாய்க்கு இடம் மாறினாலே போதும். அதனால் குளிர்சாதனப் பெட்டியை மட்டும் நம்பிப் பயனில்லை. குளிரில் அது நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். உறையவைத்தால் எண்ணிக்கை குறையும், முழுதும் ஒழியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பார்ப்போம். குழாயை வேகமாகத் திறந்து கோழியைக் கழுவும்போது நுண்துளிகள் தொட்டியைத் தாண்டிப் பக்கத்துப் பாத்திரங்களில் தெறிக்கின்றன. கோழி வெட்டிய பலகையை வெறும் தண்ணீரில் அலசி, அதிலேயே பச்சடிக்கு வெங்காயம் நறுக்குகிறார்கள். கொதிக்கும் குழம்பில் கிருமி செத்துவிடும். பச்சடி அடுப்பேறுவதே இல்லை. இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துக் காய்ச்சல், வயிற்றுப்பிடிப்பு, சில வேளை இரத்தம் கலந்த பேதி வரும்போது அந்த வெங்காயம் யார் நினைவுக்கும் வராது. பழி வேறு ஏதாவது சாப்பாட்டின்மேல் விழும்.

பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். நீரிழப்பைத் தடுக்க உப்புச் சர்க்கரைக் கரைசல் தர வேண்டும்; இரத்தம் போனால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆயிரத்தில் ஒருவர் அளவில், சில வாரங்களுக்குப் பின் கை கால்களைச் செயலிழக்கச் செய்யும் கில்லன்-பாரே நோய் வரலாம்.

கோழியைக் கழுவாமலே சமைப்பது நல்லது. கொதியில் சாகும் கிருமியைக் கழுவிப் பரப்ப வேண்டியதில்லை. மஞ்சள் தடவிக் கழுவியே பழகியவர்கள் ஓடும் குழாயை விட்டு, ஆழமான பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, அந்த நீரைத் தெறிக்காமல் கொட்டலாம். பச்சையாக உண்பதைக் கோழிக்கு முன்பே நறுக்கி மூடி வையுங்கள். கோழியைத் தொட்ட கை, கத்தி, பலகை, குழாய்த் திருகு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி உலர விடுங்கள். உலர்ந்த இடத்தில் இந்தக் கிருமி நெடுநேரம் தாங்காது.