முதல் டீயை யாரும் குடிப்பதில்லை

காலை டீக்கடையை ரீல்ஸாக எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஷட்டர் தூக்குவதில் ஆரம்பிக்கிறார்கள். பிறகு வாசல் தெளிப்பது, பாய்லர் பற்றவைப்பது, பால் காய்ச்சுவது என்று போய், டீ கடைசியில்தான் வருகிறது. கடையில் நடக்கும் வரிசை அதுதான். ஆனால் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர், பாய்லர் சூடாவதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். அவரை நிறுத்த முதல் இரண்டு மூன்று வினாடிகள்தான் இருக்கின்றன. அந்த நேரத்தில் காதில் விழும் வரிக்குத்தான் ‘ஹூக்’ என்று பெயர்.

“வணக்கம் மதுரை, சூடா ஒரு டீ சாப்பிடலாமா?” என்பது ஹூக் ஆகாது. ஊர்ப் பெயரை மாற்றினால் எந்தக் கடைக்கும் பொருந்திவிடும். பார்ப்பவர் மனதில் ‘ஏன்?’ என்ற கேள்வியை எழுப்புகிற வரி வேண்டும். அது எழுதுகிறவரின் மேஜையில் கிடைக்காது. ஒருநாள் விடியற்காலையில் கேமராவை எடுக்காமல் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கண்ணில் படும்.

தமிழ்நாட்டின் பல டீக்கடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாய்லருக்குத் திருநீறு, குங்குமம் வைத்துப் பூச்சூட்டுவார்கள். அன்றைக்குப் போடும் முதல் டீயை விற்காமல் வாசலுக்கு வந்து ரோட்டில் ஊற்றிவிடுவார்கள். தினமும் டீ குடிக்கிறவர்கள்கூட, கடை திறக்கும் நேரத்தில் போகாததால் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். மதுரையில் இப்படி ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொண்டு, 30 வினாடிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்க்கலாம்.

0–3 வினாடி: கண்ணாடி கிளாஸில் டீ நுரையோடு நிறைகிறது, மிக நெருக்கமான ஷாட். குரல்: “இந்தக் கடையில முதல் டீயை யாருமே குடிக்க மாட்டாங்க.”

3–10: பாய்லருக்குப் பூ வைக்கும் கை. துணி வடிகட்டியில் டீத்தூள் விழுகிறது, மேலே வெந்நீர். குரல்: “மணி நாலரை. பாய்லர் கொதிச்சாச்சு, டிகாக்‌ஷன் இறங்கியாச்சு.”

10–18: மாஸ்டர் டீ ஆற்றுகிறார். குரல் இல்லை.

18–24: கிளாஸோடு வாசலுக்கு வந்து ரோட்டில் ஊற்றுகிறார். மாஸ்டரின் குரல்: “முதல் கிளாஸ் சாமிக்கு.”

24–30: பெஞ்சிலிருந்து ஒருவர்: “அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு, சர்க்கரை கம்மி!” குரல்: “ரெண்டாவது டீதான் நமக்கு.”

மொத்தம் 30 வினாடியில் பேச்சு இருபத்தைந்து சொல்லைத் தாண்டவில்லை. நடுவே எட்டு வினாடி பேச்சே கிடையாது. உயரத்திலிருந்து டீ விழும் சத்தமும், கிளாஸில் ஸ்பூன் தட்டும் சத்தமும் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும். அதன்மேல் சினிமாப் பாட்டைப் போடுவது பெரும் இழப்பு. முதல் வரி எழுப்பிய கேள்விக்குப் பதினெட்டாவது வினாடிவரை பதில் சொல்லாமல் வைத்திருப்பதுதான் இந்த ஸ்கிரிப்டின் முதுகெலும்பு. பத்தாவது வினாடியிலேயே டீயை ரோட்டில் ஊற்றிவிட்டால், அதற்குப்பின் பார்க்கக் காரணம் இருக்காது.

“சாமிக்கு” என்ற பதிலை எழுதிக் கொடுக்கக் கூடாது. மாஸ்டரிடம் கேட்க வேண்டும். ஒருவர் சாமிக்கு என்பார், இன்னொருவர் பூமிக்கு என்பார், மற்றொருவர் ‘அப்பா காலத்துலேருந்து செய்றோம்’ என்பார். அவர் சொல்வதே வசனம். அந்த வழக்கமே இல்லாத கடையில் ரீலுக்காக டீயை ஊற்றச் சொல்வது பொய். அங்கே வேறு ஹூக்கைத் தேட வேண்டியதுதான்.

படம்பிடிக்கும்போது கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று ஆவி. விளக்கு கேமராவின் பக்கம் இருந்தால் ஆவி தெரியவே தெரியாது. கிளாஸுக்குப் பின்னால் விளக்கும், அதற்கும் பின்னால் இருட்டும் இருக்கும்படி நின்றால் வெள்ளையாக எழுந்து வரும். பாய்லர் பக்கத்தில் லென்ஸில் பனி படர்வதால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் துடைக்க வேண்டும்.

மற்றொன்று டியூப்லைட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. டீ ஆற்றுவதை ஸ்லோமோஷனில் எடுக்கும் ஆசையில் வினாடிக்கு 120 அல்லது 240 ஃபிரேம் வைத்தால் படம் முழுக்கத் துடிக்கும். மலிவான எல்.இ.டி. பல்புகளிலும் இது வரும். சாதாரண வேகத்தில், ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்தி எடுத்தால் அநேகமாகச் சரியாகிவிடும்.

திரையில் எழுத்து போடுவதானால் நடுப்பகுதியில் போட வேண்டும். அடியிலும் வலது ஓரத்திலும் பெயரும் பொத்தான்களும் எழுத்தை மறைத்துவிடும்.

கேப்ஷனில் முதலில் ஒரு வரிபோலத்தான் கண்ணில் படும். மீதியைத் தொட்டால்தான் விரியும். ஹூக்கையே அங்கே திரும்ப எழுதினால் அந்த இடம் வீண். பதிலைச் சொல்லிவிட்டாலோ, வீடியோவே வீண். இந்த ரீலுக்கு இப்படி எழுதலாம்:

“மதுரை, காலை 4.30. பெஞ்சுல ஆள் வந்தாச்சு, ஆனா டீ இன்னும் அவருக்கு இல்ல. உங்க ஊர்க் கடையில முதல் டீ எங்க போகுது? #டீக்கடை #மதுரை”

நேரம் உண்மையாக இருக்க வேண்டும். ஆறு மணிக்கு எடுத்துவிட்டு நாலரை என்று போட்டால், அந்தத் தெருக்காரர் ஒருவரே கமெண்டில் வந்து சொல்லிவிடுவார். கடைப் பெயரைப் போடுவதும், பெஞ்சில் இருப்பவர் முகத்தைக் காட்டுவதும் அவரவர் சம்மதம் கேட்ட பிறகுதான்.