சிறுநீரகம் தளரும்போது டிகாக்சின்: மருந்து உடலில் தங்கும் கணக்கு

டிகாக்சின் இதயத்துக்கான மிகப் பழைய மருந்துகளின் வழியில் வந்தது. ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலை உடல்வீக்கத்தைக் குறைப்பதைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் ஒரு நூலே எழுதினார். அதே இனச் செடி ஒன்றிலிருந்து 1930-இல் டிகாக்சின் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற வேகத் துடிப்புக்கும் இதயச் செயலிழப்புக்கும் இன்றும் அது தரப்படுகிறது. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இதில் உள்ள தூரம் மிகக் குறைவு. இதய நோயாளியின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருந்தால் போதும். 2-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஆபத்து. உள்ளே போன மருந்தின் பெரும்பகுதி மாற்றமின்றிச் சிறுநீரிலேயே வெளியேறுவதால், சிறுநீரகம் தளரும்போது எந்தக் கணக்கு மாறும், எது மாறாது என்பதை இந்த ஒரு மருந்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

மருந்தின் போக்கை இரண்டு அடிப்படை அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, கிளியரன்ஸ். ஒரு நாளில் எத்தனை லிட்டர் ரத்தத்திலிருந்து மருந்து முழுதாக நீக்கப்படுகிறது என்பதை அது சொல்கிறது. மற்றொன்று பரவல் கொள்ளளவு. உடலில் உள்ள மொத்த மருந்தும் ரத்தத்தில் காணும் அதே செறிவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதற்கு எத்தனை லிட்டர் இடம் வேண்டும் என்ற கணக்கு அது. டிகாக்சின் ரத்தத்தில் தங்குவதில்லை. தசைகளிலும் இதயத்திலும் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்தக் கொள்ளளவு சுமார் 420 லிட்டர். அவ்வளவு நீர் எவர் உடலிலும் இல்லை. ரத்தத்தில் தெரிவதைவிடப் பல மடங்கு மருந்து திசுக்களில் இருக்கிறது என்பதே இந்த எண்ணின் பொருள்.

அரைவாழ்வுக் காலம், அதாவது ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், இந்த இரண்டிலிருந்தும் பிறப்பது. கொள்ளளவை கிளியரன்ஸால் வகுத்து 0.693-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். சிறுநீரகம் நன்றாக இயங்கும் 60 கிலோ மனிதருக்கு டிகாக்சின் கிளியரன்ஸ் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 லிட்டர் என்று கொண்டால், அரைவாழ்வு சுமார் 35 மணி நேரம், அதாவது ஒன்றரை நாள்.

தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுபவரின் உடலில் மருந்து முதல் நாளே முழு அளவை எட்டிவிடுவதில்லை. நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையது சேர்கிறது. அளவு ஏற ஏற, ஒரு நாளில் வெளியேறுவதும் கூடுகிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் கட்டத்தில் ஏற்றம் நின்றுவிடுகிறது. இதுவே நிலைத்த அளவு. ஓர் அரைவாழ்வு கழிந்தால் அந்த இறுதி அளவில் பாதி, இரண்டு கழிந்தால் முக்கால், மூன்றில் 87.5 சதவீதம், நான்கில் ஏறக்குறைய 94 சதவீதம் வந்திருக்கும். டோஸைக் கூட்டினால் எட்டும் உயரம் கூடும். எட்டும் நாள் முந்தி வராது. அந்த நாளை அரைவாழ்வு மட்டுமே முடிவு செய்கிறது. எட்டும் உயரத்தையோ, தினசரி டோஸும் கிளியரன்ஸும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மருத்துவ மாணவர்கள் தேர்வில் பெரும்பாலும் சறுக்குவது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான். நோயாளியின் படுக்கையருகே அதே குழப்பம் நேர்ந்தால் விளைவு வேறு.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். 70 வயது, 60 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டிக்கு இதயச் செயலிழப்போடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் இருக்கிறது. ரத்தக் கிரியேட்டினின் 2.0 மில்லிகிராம். காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டர் வருகிறது. நல்ல சிறுநீரகத்தின் திறனில் இது கால்பங்கு. டிகாக்சினில் ஒரு பகுதி சிறுநீரகம் அல்லாத வழியிலும் போவதால் அதன் கிளியரன்ஸ் அதே அளவுக்கு விழாது; நாளொன்றுக்கு 80 லிட்டர் என்று கொள்ளலாம். சிறுநீரக நோயில் திசுக்களில் மருந்து ஒட்டுவதும் சற்றுக் குறைவதால் கொள்ளளவு 350 லிட்டர். வகுத்துப் பெருக்கினால் அரைவாழ்வு மூன்று நாள்.

இவருக்கு வழக்கமான 0.25 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் தந்தால் என்ன ஆகும்? மாத்திரையில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் ரத்தத்தைச் சேரும். அது 175 மைக்ரோகிராம். சிறுநீரகம் நன்றாக இருப்பவரின் 200 லிட்டரால் வகுத்தால் நிலைத்த அளவு 0.9-ஐ ஒட்டி நிற்கும். இந்த மூதாட்டியின் 80 லிட்டரால் வகுத்தால் 2.2. அதே மாத்திரை, அதே எடை, இரண்டரை மடங்கு அளவு. இன்னும் கவலைக்குரியது அது வந்து சேரும் விதம். மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தால் 1.1 இருக்கும். பல ஆய்வகங்களின் அறிக்கையில் இயல்பு வரம்பு 2.0 வரை என்று அச்சாகியிருக்கும். எல்லாம் சரி என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். ஆறாம் நாள் 1.6, ஒன்பதாம் நாள் 1.9, பன்னிரண்டாம் நாள் 2-ஐத் தாண்டும். பசியின்மை, குமட்டல், சோர்வு, பார்வையில் மஞ்சள் படர்வது, இதயத் துடிப்பு மிக மெதுவாவது அல்லது தாறுமாறாவது என்று நச்சுக்குறிகள் இரண்டாம் வாரத்தில் தலைகாட்டும்போது, முதல் வாரத்தில் நன்றாக இருந்த மாத்திரையின் மேல் எவருக்கும் சந்தேகம் வராது. வயதானவரின் பசியின்மை வயதின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடும்.

ஆகவே இவருக்குப் பராமரிப்பு டோஸைக் குறைக்க வேண்டும். 0.125 மில்லிகிராமை ஒன்றுவிட்டு ஒரு நாள் தந்தால், சராசரியாக நாளொன்றுக்கு 0.0625. கணக்குப்படி நிலைத்த அளவு 0.55. வழக்கமான டோஸில் இது கால்பங்கு. ஆனால் அந்த அளவை எட்ட இரண்டு வாரம் ஆகும். நிமிடத்துக்கு 140 முறை துடிக்கும் இதயம் அவ்வளவு நாள் காத்திருக்காது. லோடிங் டோஸ் எனப்படும் தொடக்க டோஸ் இங்கேதான் தேவைப்படுகிறது.

தொட்டியை நிரப்பத் தேவையான நீர் தொட்டியின் அளவைப் பொறுத்ததே தவிர, அடியில் உள்ள ஓட்டையைப் பொறுத்ததன்று. தொடக்க டோஸும் அப்படித்தான். அதற்கு வேண்டியது கொள்ளளவு, கிளியரன்ஸ் அல்ல. ரத்தத்தில் 1 நானோகிராமை எட்ட 350 லிட்டருக்கு 350 மைக்ரோகிராம் வேண்டும். 70 சதவீதமே சேரும் என்பதால் மாத்திரையாக 0.5 மில்லிகிராம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அதே கணக்கில் 0.6. பராமரிப்பு டோஸ் கால்பங்காகச் சுருங்கிய அதே நோயாளிக்கு, தொடக்க டோஸ் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. சிறுநீரகம் கெட்டவர் என்பதற்காகத் தொடக்க டோஸையும் கால்பங்காக்கினால் முதல் சில நாள்கள் மருந்து இருந்தும் பயன் இராது. இந்த 0.5-ஐ ஒரே வாயில் தருவதில்லை. முதலில் பாதி, ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளிகளில் மீதி கால், கால் என்று தந்து, ஒவ்வொரு முறையும் நாடியையும் ஈசிஜியையும் பார்த்துக்கொண்டே போவது வழக்கம்.

கணக்கைச் சோதிக்க ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். மாத்திரை ரத்தத்திலிருந்து திசுக்களுக்குப் பரவ ஆறு மணி நேரமாவது ஆகும். அதற்கு முன் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் எடுப்பதே நல்லது. சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. கிரியேட்டினின் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தால் அதை வைத்துச் செய்யும் கணக்கு அன்றைய உண்மையைச் சொல்லாது. கிரியேட்டினின் இயல்புக்கு அருகில் இருப்பதும் உறுதி தராது. 80 வயது, 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 1.2 என்றாலே சூத்திரம் 27-தான் காட்டும். தசை குறைந்த உடலில் கிரியேட்டினின் குறைவாகவே உருவாகிறது. அதனால் சிறுநீரகத்தின் தளர்ச்சி மறைந்து நிற்கிறது. வயிற்றுப்போக்கால் உடல் வற்றுவதும், அமியோடரோன், வெரபமில் போன்ற மருந்துகள் சேருவதும் டிகாக்சின் அளவை மேலும் ஏற்றிவிடும். நீர் பிரியத் தரும் ஃப்யூரோசமைடு ரத்தப் பொட்டாசியத்தைக் குறைத்தால், ரத்த அளவு சரியாக இருக்கும்போதே நச்சுக்குறி வரலாம்.

அளவு மீறிவிட்டால் மாத்திரையை நிறுத்திக் காத்திருப்பதும் அரைவாழ்வின் கணக்கே. 2.2 என்பது 1.1 ஆக அந்த மூதாட்டிக்கு மூன்று நாள் ஆகும். டயாலிசிஸ் கைகொடுக்காது, அது சுத்தம் செய்வது ரத்தத்தை, மருந்தோ திசுக்களில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தால் டிகாக்சினைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஊசி தரப்படுகிறது.

கல்லீரல் நோயில் இவ்வளவு துல்லியமான கணக்கு இல்லை. கிரியேட்டினினைப் போல, மருந்தைச் சிதைக்கும் திறனை ஓர் எண்ணில் சொல்லும் ரத்தப் பரிசோதனை கல்லீரலுக்குக் கிடையாது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஆகியவை செல்கள் சிதைவதைக் காட்டுமே தவிர, மிஞ்சியிருக்கும் திறனைக் காட்டாது. முற்றிய சிரோசிஸில்கூட அவை இயல்பாக இருக்கலாம். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மனக்குழப்பம் ஆகிய ஐந்தையும் சேர்த்து சைல்ட்-பியூ மதிப்பெண் போட்டு, ஏ, பி, சி என்று வகுத்து, அதைக்கொண்டுதான் டோஸை ஊகிக்கிறார்கள்.

சிரோசிஸ் நோயாளிகளுக்கு உணவுக்குழாய் ரத்தக்கசிவைத் தடுக்கத் தரும் புரோப்ரனோலால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நலமான உடலில் விழுங்கிய மாத்திரையில் சுமார் கால்பங்கே முழு உடலையும் அடைகிறது. மீதியை முதல் சுற்றிலேயே கல்லீரல் சிதைத்துவிடுகிறது. சிரோசிஸில் ரத்தம் கல்லீரலைச் சுற்றி வேறு நாளங்கள் வழியே போய்விடுவதால், அதே மாத்திரையில் மிக அதிகமான பங்கு உடலுக்குள் வருகிறது. வந்தது வெளியேறுவதும் மெதுவாகிறது. அதனால் 20 முதல் 40 மில்லிகிராம் வரை நாளுக்கு இருவேளை என்று சிறிதாகத் தொடங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை மெல்லக் கூட்டுகிறார்கள். நாடி நிமிடத்துக்கு 55 முதல் 60 வரை வந்ததும் கூட்டுவதை நிறுத்துகிறார்கள். மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனால் டோஸைக் குறைக்கிறார்கள் அல்லது மருந்தையே நிறுத்துகிறார்கள்.