சிலிக்கன் ஏன் அந்தக் கோட்டில் உடைகிறது?

கணினிச் சில்லுகள் செய்ய உதவும் சிலிக்கன் வேஃபர் என்பது, ஒரே ஒரு பெரிய படிகத்திலிருந்து மெல்லியதாக அறுத்தெடுத்த வட்டத் தகடு. அதன் நடுவில் கூர்முனையை வைத்து அழுத்தினால் தகடு உடைந்துவிடும். ஆனால் கண்ணாடி போல் தாறுமாறாக உடையாது. ஒரு வகை வேஃபர் செங்கோண மூலைகள் கொண்ட துண்டுகளாகப் பிரியும். இன்னொரு வகையில் விரிசல்கள் 60 டிகிரியில் சந்தித்து, முக்கோணத் துண்டுகள் கிடைக்கும். இரண்டுமே ஒரே சிலிக்கன்தான், அறுத்த தளம் மட்டும் வேறு. முதல் வகையின் பெட்டி மேல் (100) என்றும், இரண்டாம் வகையின் மேல் (111) என்றும் அச்சிட்டிருக்கும். அந்த மூன்று எண்களைப் படிக்கத் தெரிந்தால், தகட்டை உடைக்காமலே அது எப்படி உடையும் என்று சொல்லிவிடலாம்.

கேம்பிரிட்ஜில் கனிமவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹாலோஸ் மில்லர் 1839இல் வெளியிட்ட நூலால் பரவிய முறை இது. அவர் பெயரால் மில்லர் குறியீடுகள் என்கிறோம்.

சிலிக்கன் படிகத்தின் அலகுக்கூடு ஒரு கனசதுரம். அதன் ஒரு மூலையை ஆதிப்புள்ளியாகக் கொண்டு, அங்கிருந்து கிளம்பும் மூன்று விளிம்புகளை x, y, z அச்சுகளாக வைத்துக்கொள்வோம். விளிம்பின் நீளம் a. இதுவே அணிக்கோவை மாறிலி. ஒரு தளம் x அச்சை a தொலைவிலும், y அச்சை 2a தொலைவிலும் வெட்டுகிறது, z அச்சை வெட்டாமல் அதற்கு இணையாகப் போகிறது என்று கொள்வோம். வெட்டுத்துண்டுகள் 1, 2, முடிவிலி. இவற்றின் தலைகீழிகள் 1, ½, 0. பின்னம் போக இரண்டால் பெருக்கினால் 2, 1, 0. எனவே அந்தத் தளம் (210). அச்சின் எதிர்ப்பக்கத்தில் வெட்டினால் அந்த எண்ணின் தலைமேல் ஒரு கோடு போடுவார்கள். தளம் ஆதிப்புள்ளி வழியாகவே போனால் வெட்டுத்துண்டு சுழியாகி, தலைகீழி எடுக்க முடியாமல் போகும். அப்போது ஆதிப்புள்ளியைப் பக்கத்து மூலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். படிகத்தில் எல்லா மூலைகளும் சமம் என்பதால் இதில் தவறில்லை.

தலைகீழி எடுப்பது முதலில் வீண் சுற்றாகத் தோன்றும். அதன் முதல் பயன் முடிவிலி சுழியாகிவிடுவது. ஓர் எண் 0 என்றால், அந்த அச்சைத் தளம் தொடவே இல்லை. அதைவிடப் பெரிய பயன் பின்னால் வருகிறது.

திசைக்குத் தலைகீழி கிடையாது. சேருமிடத்தின் ஆயங்களிலிருந்து புறப்பட்ட இடத்தின் ஆயங்களைக் கழித்து, மிகச்சிறிய முழு எண்களாக்கி, சதுர அடைப்புக்குள் எழுதினால் போதும். (1, 0, 0) என்ற மூலையிலிருந்து எதிர் விளிம்பின் நடுவிலுள்ள (0, 1, ½) என்ற புள்ளிக்குப் போகும் திசையைப் பாருங்கள். கழித்தால் −1, 1, ½. இரண்டால் பெருக்கினால் [2̄21]. தளத்துக்கான வழியைத் திசைக்கும் போட்டுத் தலைகீழி எடுப்பதுதான் தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

கனசதுரப் படிகங்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அவற்றில் [hkl] என்ற திசை எப்போதும் (hkl) என்ற தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும். அதனால் [uvw] என்ற திசை அந்தத் தளத்துக்குள்ளேயே கிடக்கிறதா என்று அறிய hu + kv + lw சுழியாகிறதா என்று பார்த்தால் போதும்.

இதை வைத்து வேஃபருக்கு வருவோம். சிலிக்கன் (111) வகைத் தளங்களில் எளிதாகப் பிளக்கும். (100) தகட்டின் மேற்பரப்பில் (111) தளம் எந்தக் கோட்டில் வெளிப்படும்? இரண்டு தளங்களிலும் கிடக்கும் திசை வேண்டும். [011̄] பொருந்துகிறது: முதல் தளத்துக்கு 0 + 0 + 0, இரண்டாவதுக்கு 0 + 1 − 1. இரண்டுமே சுழி. அதே குடும்பத்தின் இன்னொரு தளமான (11̄1)-க்குப் பொதுவான திசை [011]. இந்த இரு திசைகளையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால் 0 + 1 − 1, மறுபடியும் சுழி. அதாவது இரண்டு விரிசல் கோடுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து. செங்கோணத் துண்டுகள் வருவது இதனால்தான். (111) தகட்டில் இதே கணக்கைப் போட்டால் விரிசல்கள் 60 டிகிரியில் சந்திக்கும்.

இனி இடைவெளி. (hkl) தளக் குடும்பத்தில் ஒரு தளம் ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது. அடுத்தது x அச்சை a/h தொலைவிலும், y அச்சை a/k தொலைவிலும், z அச்சை a/l தொலைவிலும் வெட்டுகிறது. ஆதிப்புள்ளியிலிருந்து அந்தத் தளத்துக்கு இறக்கும் செங்குத்தின் நீளம் d. அந்தச் செங்குத்து x அச்சோடு செய்யும் கோணத்தின் கொசைன், d-ஐ a/h-ஆல் வகுத்தது, அதாவது dh/a. மற்ற இரண்டு அச்சுகளுக்கும் dk/a, dl/a. அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் மூன்று கொசைன்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வரும். அதிலிருந்து

d = a / √(h² + k² + l²)

தலைகீழி எடுத்ததன் பெரிய பயன் இதுதான். முடிவிலிகளும் பின்னங்களும் கணக்கில் எங்கும் தலைகாட்டவில்லை.

சிலிக்கனுக்கு a = 5.431 ஆங்ஸ்ட்ராம். (111) தளங்களுக்கு √3-ஆல் வகுத்தால் 3.136 ஆங்ஸ்ட்ராம். (220)-க்கு √8-ஆல் வகுத்தால் 1.920. இங்கே பலர் 220-ஐ இரண்டால் சுருக்கி 110 என்று எழுதிவிடுவார்கள். திசையில் அப்படிச் சுருக்குவது சரி, தளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் சொல்லும்போதும் சரி. இடைவெளியில் அது பாதகமாகும், ஏனென்றால் (110)-இன் இடைவெளி 3.840, சரியாக இரு மடங்கு. எக்ஸ்கதிர் விளிம்பு விலகலில் சிலிக்கன் (220)-க்குரிய உச்சத்தைத்தான் காட்டும். (110)-க்கு உச்சமே கிடையாது, இடையில் உள்ள அணுக்களிலிருந்து வரும் அலைகள் அதை அழித்துவிடுகின்றன. (100) வேஃபரை வைத்துப் பார்த்தாலும் இதே கதை: தெரிவது (400).

வாய்பாட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. அது தரும் d, அமைப்பு மறுபடி தொடங்கும் தூரம். அணு அடுக்குகள் அத்தனையும் அந்த இடைவெளியில்தான் நிற்கும் என்று பொருளில்லை. சிலிக்கனில் (111) அடுக்குகள் இரண்டிரண்டாக நெருங்கி நிற்கின்றன: ஓர் இடைவெளி 0.784 ஆங்ஸ்ட்ராம், அடுத்தது 2.352. கூட்டினால் அதே 3.136. அந்த அகன்ற இடைவெளியைக் கடப்பது அணுவுக்கு ஒரே ஒரு பிணைப்புதான். பிளவு அங்கே விழுகிறது.

போட்ட கணக்கு சரியா என்று பிராக் விதி சொல்லும்: 2d sin θ = λ. செம்பு எக்ஸ்கதிரின் அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். d = 3.136 என்று வைத்தால் θ 14.22 டிகிரி. கருவியில் படிப்பது 2θ, அது 28.44. சிலிக்கன் பொடியின் முதல் உச்சம் அங்கேயே நிற்கும். ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கோணத்தை அளந்து, d கண்டு, √(h² + k² + l²)-ஆல் பெருக்கி a-ஐப் பெறுகிறார்கள். அதற்கு முதல் உச்சத்தை நம்பக்கூடாது என்பேன். 2θ-ஐ 0.05 டிகிரி தவறாகப் படித்தால் (111) உச்சத்திலிருந்து வரும் a ஏறக்குறைய 0.009 ஆங்ஸ்ட்ராம் தவறும். அதே தவறு, 69.13 டிகிரியில் நிற்கும் (400) உச்சத்தில் 0.003 அளவே பிழை தரும். கோணம் கூடக்கூட இந்தப் பிழை சுருங்கும் என்பதால், a-ஐத் துல்லியமாக அறிய வேண்டியவர்கள் கருவி எட்டும் தூரம்வரை உயர்ந்த கோணத்து உச்சங்களையே தேடிப் போகிறார்கள்.