ஜாமீன்தார் விடுதலை கோரும் முறை

கடன் தவணைகள் ஒழுங்காகச் செலுத்தப்பட்டு அசலில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டால், ஜாமீன் பொறுப்பும் தானே நீங்கிவிடும் என்று அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிடில், ஜாமீன்தாரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. கடைசி ரூபாய் தீரும் வரையில் அது நீடிக்கும். இடையில் விடுபட வேண்டுமாயின், கடன் கொடுத்த வங்கியே எழுத்து மூலம் விடுவிக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நெசவாளர் ஒருவர் ஜக்கார்டு தறி அமைக்கக் கூட்டுறவு நகர வங்கியில் ரூ. 3,00,000 கடன் பெற்றார். மாதம் ரூ. 5,000 அசலும், நிலுவைக்குரிய வட்டியுமாக 60 தவணைகள். விவசாயி ஒருவரும் மற்றொரு நெசவாளரும் ஜாமீன் நின்றனர். 36 தவணைகள் தவறாமல் செலுத்தியபின் ஒரு ஜாமீன்தாரை விடுவிப்பது பற்றிக் கடன் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. 36 தவணைகள் முடிந்தன. நிலுவை அசல் ரூ. 1,20,000. விவசாயி தம் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் பெற விரும்பினார். ஆனால் இந்த ஜாமீன் அவருடைய கடன் தகுதிக்குத் தடையாக நின்றது.

முதலில் அவர் ஷரத்தின் சொற்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். “விடுவிக்கப்படுவார்” என்றிருந்தால் அது உரிமை. “விடுவிக்கலாம்” என்றிருந்தால் முடிவு வங்கியின் விருப்பத்தைச் சார்ந்தது. ஷரத்தே இல்லையெனினும் கேட்கத் தடையில்லை. மறுக்கவும் வங்கிக்குத் தடையில்லை. “இன்று முதல் என் ஜாமீனை ரத்து செய்கிறேன்” என்று நோட்டீசு அனுப்புவதால் இங்கே பயனில்லை. 130-ஆம் பிரிவு அதற்கு இடமளிப்பது தொடர் ஜாமீனில், இனிமேல் நடக்கப்போகும் பற்றுக்களுக்கு மட்டுமே. முழுத் தொகையும் கொடுக்கப்பட்டுவிட்ட தவணைக் கடனுக்கு அது பொருந்தாது.

அடுத்து, தவணை நிபந்தனை நிறைவேறியதா என்பதைப் பேரேட்டின் நகல் காட்ட வேண்டும். “தவறாமல் 36 தவணைகள்” என்பது மொத்தம் ரூ. 1,80,000 கட்டியதைக் குறிக்காது. இருபதாம் மாதத்தில் பெருந்தொகையாகக் கட்டியிருந்தாலும், நடுவில் ஒரு தவணை கெடு கடந்து வந்திருந்தாலும் வங்கி ஆட்சேபிக்க இடமுண்டு. ஆகையால் தவணை வாரியாகக் கெடுத் தேதியும் செலுத்திய தேதியும் கொண்ட நகலைப் பெற்று, மனுவுடன் இணைத்தல் நலம்.

மனுவில் கடனாளியும் ஜாமீன்தாரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். அதன் வாசகம் சுருக்கமாக இருக்கலாம்:

“மேற்படி கடனில் 36 தவணைகள் கெடுவுக்குள் செலுத்தப்பட்டுள்ளன. நிலுவை அசல் ரூ. 1,20,000. தவணை தவறிய பாக்கி இல்லை. வங்கிக்கு ஈடாக உள்ள தறியும் மற்ற ஜாமீனும் நீடிக்கின்றன. கடன் பத்திர ஷரத்தின்படி என்னை ஜாமீனிலிருந்து முழுமையாக விடுவித்து, அதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன்.”

ஈட்டைப் பற்றிய வாக்கியம் முக்கியமானது. ஜாமீன்தார் விலகினால் எஞ்சிய கடனுக்கு எது காப்பு என்பதே வங்கி நிர்வாகக் குழுவின் முதற் கேள்வி. தறியின் இன்றைய மதிப்பு போதாதெனில், கடனாளியின் வைப்புத் தொகையையோ மாற்று ஜாமீனையோ அளிக்க முன்வருதல் வேண்டும்.

பலரும் அறியாத ஒன்று இனி வருவது. 138-ஆம் பிரிவின்படி, ஒரு ஜாமீன்தாரை வங்கி விடுவித்தாலும் மற்றவர் விடுபடுவதில்லை. விடுவிக்கப்பட்டவரும் உடன் ஜாமீன்தாருக்குரிய பொறுப்பிலிருந்து நீங்குவதில்லை. நம் விவசாயியை வங்கி விடுவித்தபின், மேலும் எட்டுத் தவணைகள் செலுத்திக் கடனாளி நின்றுவிட்டார் எனக் கொள்வோம். நிலுவை அசல் ரூ. 80,000. அதை உடன் ஜாமீன்தார் கட்டினால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, சரிபாதியாகிய ரூ. 40,000-ஐ விவசாயியிடம் கேட்க அவருக்கு உரிமையுண்டு. வங்கியின் கடிதம் இக்கோரிக்கையைத் தடுக்காது. எனவே, “இவரிடம் பங்கு கோரமாட்டேன்” என்னும் உடன் ஜாமீன்தாரின் ஒப்புதலைத் தனிப் பத்திரமாகப் பெற வேண்டும். அவர் மறுத்தால், வங்கியின் விடுதலை பாதி விடுதலையே.

வங்கி இசைந்தால், வாய்மொழியுடன் திரும்பிவிடலாகாது. அதிகாரம் பெற்றவர் கையொப்பமிட்ட விடுவிப்புக் கடிதத்தில் கடன் எண்ணும், விடுதலை நடைமுறைக்கு வரும் தேதியும், “முழுமையாக” என்ற சொல்லும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜாமீனுக்காகக் கொடுத்த வைப்பு ரசீது, நிலப் பத்திரம் ஆகியவற்றைத் திரும்பப் பெற வேண்டும். கடன் விவர நிறுவனங்களுக்குச் சென்றுள்ள பதிவைத் திருத்தும்படியும் எழுதிக் கேட்க வேண்டும். சில வாரங்கள் கழித்துத் தம் கடன் விவர அறிக்கையைப் பெற்றுப் பார்த்தால், ஜாமீன் நீங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அதில் நீங்காதவரை, கிணற்றுக் கடன் மனுவுடன் விடுவிப்புக் கடிதத்தின் நகலையும் இணைப்பதே தக்கது.